நாழிகையைக் கடிகாரத்தில் காண்பது: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் உதயக் கணக்கு

(தசலட்சணத் திருநாளில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சாவகர்க்கு வகுக்கப்பட்ட பதினொரு நிலைகளுள் மூன்றாவது சாமாயிகம். நான்காவது பருவ நாள் உபவாசமாகிய புரோஷதம். ஆறாவது இரவுணவு துறத்தல். இம்மூன்றும் காலத்தை அளந்து கைக்கொள்ளப்படுவன. சாமாயிகத்துக்கு உத்தமம் ஆறு நாழிகை, மத்திமம் நான்கு நாழிகை, குறைந்த அளவு இரண்டு நாழிகை. உணவுக்கு, உதயத்துக்குப் பின் இரண்டு நாழிகையும் அத்தமனத்துக்கு முன் இரண்டு நாழிகையும் விலக்கப்படுகின்றன. உபவாசத்துக்கு, உதயத்திலிருந்து ஆறு நாழிகையாவது நிற்கும் திதியே அந்நாளின் திதியாகக் கொள்ளப்படுகிறது. நூல்கள் நாழிகையில் பேசுகின்றன. இல்லத்துச் சுவரிலோ கடிகாரம் தொங்குகிறது. வந்தவாசி, செஞ்சிப் பக்கத்து ஊர்களிலிருந்து பணி நிமித்தமாகத் தெற்கே வந்து வாழும் குடும்பங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த பஞ்சாங்கத்தை இராஜபாளையத்துக் கடிகாரத்தோடு பொருத்தும்போது, ஒரு நுட்பம் கவனிக்கப்படாமல் போவதுண்டு. இச்சொற்பொழிவு அந்த நுட்பத்தைப் பற்றியது.

முதலில் அளவுகள். ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்தது 60 நாழிகை. ஆகவே ஒரு நாழிகை 24 நிமிடம்; இரண்டரை நாழிகை ஒரு மணி. நாழிகையின் அறுபதில் ஒரு பங்கு வினாழிகை. அது 24 விநாடி. இரண்டு நாழிகை சேர்ந்தது ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம். இவற்றை மாற்றுவதற்கு ஒரே வாய்பாடு போதும். நாழிகையை இரண்டால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் மணி வரும். வினாழிகையை அவ்வாறே செய்தால் நிமிடம் வரும். பத்து நாழிகை நான்கு மணி. பத்து வினாழிகை நான்கு நிமிடம். திருப்பிச் செய்ய வேண்டுமானால் மணியையும் நிமிடத்தையும் இரண்டரையால் பெருக்கினால் முறையே நாழிகையும் வினாழிகையும் கிடைக்கும்.

பஞ்சாங்கத்தில் 7-30 என்று அச்சிட்டிருந்தால் அது ஏழரை மணி அன்று. ஏழு நாழிகை முப்பது வினாழிகை, அதாவது உதயத்திலிருந்து சரியாக மூன்று மணி நேரம் என்பதே அதன் பொருள். இப்பிழை இளையோரிடம் மட்டுமன்றி, அவசரத்தில் பார்க்கும் பெரியோரிடமும் நேர்வதுண்டு. ஓர் அடையாளம் கொண்டு இதைத் தெரிந்துகொள்ளலாம். அதே பத்தியில் வேறொரு நாளுக்கு 43-12, 58-05 போன்ற எண்கள் காணப்பட்டால் அது மணிப் பத்தி அன்று, நாழிகைப் பத்தியே. மணிக்கணக்கில் 24-க்கு மேல் எண் வராது.

அளவு தெளிவானபின் எழும் கேள்வி, எண்ணிக்கை எங்கிருந்து தொடங்குகிறது என்பது. சாமாயிகத்துக்கு இரண்டு நாழிகை என்றாலும், வடிகட்டிய நீர் ஒரு முகூர்த்தம் வரை கொள்ளத்தக்கது என்றாலும், அவை வெறும் கால நீளங்கள். எப்பொழுது தொடங்கினாலும் 48 நிமிடம் 48 நிமிடமே. ஆனால் "உதயாதி நாழிகை" என்று சொல்லப்படுவது அத்தகையதன்று. அது உதயத்தைச் சுழியாக வைத்து எண்ணப்படுவது. உதயம் தவறினால் எண்ணிக்கை முழுவதும் தவறும்.

"உதயம் ஆறு மணி" என்று கொண்டு கணக்கிடுவது பழகிப்போன ஒரு வழக்கம். இராஜபாளையத்தில் அது ஏறத்தாழ உண்மையாக இருப்பது வைகாசி, ஆனி மாதங்களில் மட்டுமே. இவ்வூர் ஏறத்தாழ வடக்கு அகலாங்கு 9 பாகை 27 கலையிலும், கிழக்கு நெட்டாங்கு 77 பாகை 33 கலையிலும் உள்ளது. இந்தியக் கடிகாரம் பின்பற்றுவதோ 82 பாகை 30 கலை நெட்டாங்கை. இடைப்பட்டது ஏறக்குறைய ஐந்து பாகை. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில், கடிகாரம் காட்டும் நேரத்துக்கு இவ்வூர்ச் சூரியன் இருபது நிமிடம் பின்தங்கியே வருகிறது. இதனோடு பருவ வேறுபாடும் சேர்கிறது. மே மாத இறுதியில் 5.58 மணியளவில் உதயமாகும் சூரியன் ஜனவரி இறுதியில் 6.42 மணிக்கே உதயமாகிறது. ஆண்டுக்குள் 44 நிமிட வேறுபாடு. ஏறத்தாழ இரண்டு நாழிகை.

மிகக் குறுகிய பகல் மார்கழித் தொடக்கத்தில் வருவதால் மிகத் தாமதமான உதயமும் அப்பொழுதே வரும் என்று பலர் எண்ணுவர். டிசம்பர் 21 அன்று இங்கு உதயம் 6.31 மணியளவில்தான். அதன்பின் பகல் வளரத் தொடங்கினாலும், நடுப்பகல் கடிகாரத்தில் நாள்தோறும் சற்றே பின்தள்ளிச் செல்கிறது. ஜனவரி இறுதியில் சூரியன் உச்சிக்கு வருவது 12.33 மணிக்கு. ஆதலால் உதயமும் தை மாதத்தின் நடுப்பகுதி வரை தாமதமாகிக்கொண்டே போகிறது.

தை மாதத்துக் காலை உணவை எடுத்துக்கொண்டால் வழக்கத்தின் பிழை புலப்படும். ஆறு மணியை உதயமாகக் கொண்டு இரண்டு நாழிகை கழித்தால் 6.48 வரும். உண்மையான உதயம் 6.42. ஆகவே விலக்க வேண்டிய முகூர்த்தத்தில் ஆறு நிமிடமே கழிந்திருக்கிறது. முறைப்படி உணவுக்குரிய காலம் தொடங்குவது 6.42-உடன் 48 நிமிடம் கூட்டிய 7.30 மணிக்கு. பள்ளிக்கும் ஆலைக்கும் புறப்படும் இல்லத்தில் இந்த நாற்பத்திரண்டு நிமிடம் பெரிது என்பதில் ஐயமில்லை. நியமம் ஏற்றவர் அதனை அறிந்து ஏற்க வேண்டும். அன்றாடம் இயலாதவர் பருவ நாள்களுக்கேனும் அறிந்திருப்பது நன்று.

மாலைக்குரிய எல்லையைக் காண பஞ்சாங்கத்திலேயே ஒரு வழி உண்டு. நாள்தோறும் "அகசு" என்ற தலைப்பில் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அது அன்றைய பகலின் நீளம். பகல் முப்பது நாழிகை என்பது பொதுவழக்குத்தான். உண்மையில் இராஜபாளையத்தில் டிசம்பர் 21 அன்று அகசு ஏறத்தாழ 28-55, ஜூன் 21 அன்று 31-41. அகசிலிருந்து இரண்டு நாழிகையைக் கழித்தால் மாலை உணவை முடிக்க வேண்டிய எல்லை வருகிறது. ஜனவரி இறுதியில் அகசு 29-17. இரண்டு கழிந்தால் 27-17. வாய்பாட்டின்படி 27 நாழிகை 10 மணி 48 நிமிடம். 17 வினாழிகை ஏறக்குறைய ஏழு நிமிடம். இரண்டும் சேர்ந்து 10 மணி 55 நிமிடம். 6.42-உடன் கூட்டினால் மாலை 5.37. அத்தமனம் 6.25 என்று நேரடியாகத் தெரிந்திருந்தால் 48 நிமிடம் கழித்தும் அதே விடை கிடைக்கும். இரு வழியிலும் ஒன்றே வருவது கணக்குச் சரி என்பதற்குச் சான்று.

அகசு மற்றொன்றையும் காட்டிக்கொடுக்கும். உதயம் என்பது சூரிய வட்டத்தின் மேல் விளிம்பு கண்ணுக்குத் தெரியும் தருணமா, வட்டத்தின் நடுப்புள்ளி தொடுவானக் கோட்டில் நிற்கும் தருணமா என்பதில் பஞ்சாங்கங்கள் வேறுபடும். காற்று மண்டலம் ஒளியை வளைத்துச் சூரியனைச் சற்று முன்னதாகவே காட்டுவதும் இதில் சேரும். இரு முறைக்கும் இடையே காலையில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலான வேறுபாடு உண்டு, மாலையிலும் அவ்வளவே. மார்ச் 20, செப்டம்பர் 23 ஆகிய சமநாள்களை ஒட்டிய அகசைப் பார்த்தால் கையிலுள்ள பஞ்சாங்கம் எம்முறையது என்று அறியலாம். 30-0 என்றிருந்தால் நடுப்புள்ளிக் கணக்கு. 30-17 அளவில் இருந்தால் விளிம்புக் கணக்கு. இங்கே கூறப்படும் நேரங்கள் அனைத்தும் விளிம்புக் கணக்கின்படியானவை.

கணக்கை விடுத்துக் கண்ணால் பார்த்தே முடிவுசெய்யலாமே என்று சிலர் கேட்பர். காலையில் பெரும்பாலும் முடியும். இவ்விரு ஊர்களுக்கும் கிழக்கே சமவெளி. மாலையில் முடியாது. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல் நிற்கிறது. மலை முகடு கண்மட்டத்துக்கு மேல் ஐந்து பாகை உயர்ந்து தோன்றும் இடத்தில் நிற்பவருக்கு, சூரியன் தொடுவானத்தை அடைவதற்கு ஏறக்குறைய இருபது நிமிடத்துக்கு முன்பே மறைந்துவிடும். மலையடிவாரத்தை நெருங்க நெருங்க இம்முன்மறைவு கூடும். நகருக்குள் இருப்பவரும் மலையடிவாரத் தோப்பில் இருப்பவரும் ஒரே நாளில் வெவ்வேறு "அத்தமனம்" காண்பர்.

உணவைப் பொறுத்தமட்டில் இப்பிழை தீங்கற்றது. மலைமறைவை அத்தமனமாகக் கொள்பவர் சற்று முன்னதாகவே உண்டு முடிப்பார். ஆனால் அந்தி சாமாயிகத்தை மலைமறைவை வைத்துத் தொடங்குபவர் உரிய காலத்துக்கு ஏறத்தாழ ஒரு நாழிகை முன்னதாகவே அமர்ந்து, அந்தி கூடும் வேளையில் எழுந்துவிடக்கூடும். ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் காலையிலும் கிழக்கு வானம் மூடியிருக்கும். ஆகவே எழுதிவைத்த உதய அட்டவணையே நம்பத்தக்கது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தனி அட்டவணை வேண்டுமா என்ற கேள்வி எழும். அவ்வூர் இராஜபாளையத்துக்குக் கிழக்கே ஒரு பாகையில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. உதய வேறுபாடு இருபது விநாடிக்குள் அடங்கும். ஒரு வினாழிகைக்கும் குறைவு. ஓர் அட்டவணை இரு ஊர்க்கும் போதும்.

இதுவரை கூறியவை யாவும் அவரவர் இருக்கும் ஊரின் உதயத்தைக் கொண்டு எண்ணப்படுபவை. திதியின் கணக்கு இதனின்று மாறுபட்டது. பெரும்பாலான குழப்பங்கள் பிறப்பதும் அங்கேதான்.

திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலுள்ள கோண விலகல் பன்னிரண்டு பாகை வளரும் காலம். அது முடியும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே. சென்னையில் ஒரு கணமும் இராஜபாளையத்தில் மற்றொரு கணமும் என்று அது பிரிவதில்லை. ஆனால் பஞ்சாங்கம் அக்கணத்தை உதயத்திலிருந்து எண்ணி நாழிகையாகச் சொல்கிறது. அவ்வுதயம் பஞ்சாங்கம் கணிக்கப்பட்ட ஊரின் உதயம். எனவே பஞ்சாங்கத்தில் காணும் நாழிகை எண்ணை இராஜபாளையத்து உதயத்தோடு கூட்டுவது தவறு. முதலில் பஞ்சாங்கத்துக்குரிய ஊரின் உதயத்தோடு கூட்டிக் கடிகார நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்நேரத்திலிருந்து இவ்வூர் உதயத்தைக் கழித்து மறுபடி நாழிகையாக்கினால் இவ்வூருக்குரிய எண் கிடைக்கும். எந்த ஊருக்குக் கணிக்கப்பட்டது என்பதைப் பஞ்சாங்கத்தின் முகப்பிலோ முன்னுரையிலோ காணலாம்.

ஓர் எடுத்துக்காட்டைப் படிப்படியாகப் பார்க்கலாம். தசலட்சண நாள்களின் நிறைவாகிய சதுர்த்தசி செப்டம்பர் 6-ஐ ஒட்டி வருவதாகவும், சென்னைக்குக் கணித்த பஞ்சாங்கத்தில் அன்று "சதுர்த்தசி 6-10" என்று இருப்பதாகவும் கொள்க. அந்நாளில் சென்னை உதயம் 5.58 மணி. ஆறு நாழிகை 2 மணி 24 நிமிடம். பத்து வினாழிகை 4 நிமிடம். ஆக 2 மணி 28 நிமிடம். 5.58-உடன் கூட்டினால் 8.26. சதுர்த்தசி முடியும் நேரம் எங்கும் காலை 8.26 மணி.

அதே நாளில் இராஜபாளையத்தில் உதயம் 6.11 மணி. 8.26-இல் அதனைக் கழித்தால் எஞ்சுவது 2 மணி 15 நிமிடம். இரண்டரையால் பெருக்கினால் ஐந்து நாழிகை முப்பத்தேழு வினாழிகை. சென்னையில் ஆறு நாழிகைக்கு மேல் நின்ற சதுர்த்தசி, இராஜபாளையத்தில் ஆறு நாழிகை நிறையாமலே முடிந்துவிட்டது! ஆறு நாழிகை விதியை எழுத்தெழுத்தாகக் கொண்டால் சென்னையில் அன்று உபவாசம். இராஜபாளையத்தில் முந்திய நாளே உபவாசம். பஞ்சாங்க எண்ணை அப்படியே 6.11-உடன் கூட்டியவர்க்குச் சதுர்த்தசி 8.39 வரை இருப்பதாகத் தோன்றும். இந்த வேறுபாடு அவர் கண்ணில் படவே படாது.

இத்தகைய நாள் அரிதாகவே வரும். இரண்டு ஊர்களின் உதயத்துக்கும் இடையிலுள்ள அரை நாழிகைச் சந்துக்குள் திதி முடிவு வந்து விழுந்தால் மட்டுமே நாள் மாறும். பஞ்சாங்க எண் ஆறு நாழிகைக்கு மிகவும் மேலாகவோ கீழாகவோ இருந்தால் மறுகணக்கே தேவையில்லை. ஆறுக்கும் ஏழுக்கும் இடைப்பட்ட எண்ணைக் கண்டால் மட்டும் பேனாவை எடுத்தால் போதும். எல்லை நாள்களில் பொது உபவாசத்தைக் குடும்பந்தோறும் தனித்தனியே மாற்றிக்கொள்வதும் முறையன்று. மேல்சித்தாமூர் மடத்தின் வழிகாட்டுதலையோ, ஊர்ச் சபையின் அறிவிப்பையோ ஏற்று அனைவரும் ஒரே நாளில் நோற்பதே மரபுக்கு இசைந்தது. ஆயினும் இரண்டு ஊர்ப் பஞ்சாங்கங்கள் இரண்டு நாளைச் சொல்லும்போது, ஒன்று பொய் என்று வாதிடாமல் காரணம் இன்னதென்று உணர இக்கணக்கு உதவும்.

சென்னைக்கும் இராஜபாளையத்துக்கும் பதின்மூன்று நிமிடம் என்று ஒருமுறை கண்டுகொண்டு அதையே ஆண்டு முழுவதும் கூட்டுவதும் பிழையாகும். டிசம்பர் 21 அன்று சென்னையில் உதயம் 6.26, இராஜபாளையத்தில் 6.31. வேறுபாடு ஐந்து நிமிடத்துக்குள். ஜூன் 21 அன்றோ சென்னையில் 5.44, இங்கு 6.01. வேறுபாடு பதினேழு நிமிடத்துக்கு மேல். காரணம் இரண்டு. சென்னை கிழக்கே இருப்பதால் வரும் பதினொரு நிமிடம் எந்நாளும் மாறாதது. சென்னை மூன்றரைப் பாகைக்குச் சற்று மேலாக வடக்கேயும் இருப்பதால், கோடையில் அங்கு பகல் நீண்டு உதயம் மேலும் முந்துகிறது. குளிரில் பகல் சுருங்கி உதயம் பிந்துகிறது. முன்னது பதினொன்றோடு கூடுகிறது. பின்னது பதினொன்றிலிருந்து கழிகிறது. மார்ச், செப்டம்பர் சமநாள்களில் மட்டுமே வேறுபாடு தூய பதினொரு நிமிடமாக நிற்கும்.

நள்ளிரவுக்குப் பிந்திய நாழிகைகளிலும் கவனம் வேண்டும். அதே சென்னைப் பஞ்சாங்கத்தில் அதே செப்டம்பர் நாளுக்கு ஒரு நட்சத்திரம் 50-0 என்றிருந்தால், இருபது மணி நேரத்தை 5.58-உடன் கூட்ட வேண்டும். விடை பின்னிரவு 1.58. ஆங்கிலத் தேதி மாறிவிட்டது. பஞ்சாங்க நாளோ அடுத்த உதயம் வரை மாறவில்லை. கைப்பேசியில் நினைவூட்டல் வைப்போர் தேதியை ஒன்று கூட்ட மறப்பதால் ஒரு முழுநாள் முன்னதாகவே மணி அடிப்பதுண்டு.

இவ்வளவு செய்தும் இரண்டு பஞ்சாங்கங்கள் ஒத்துப்போகாத நாள்கள் இருக்கும். ஒன்று வாக்கியப் பஞ்சாங்கமாகவும் மற்றொன்று திருக்கணிதப் பஞ்சாங்கமாகவும் இருந்தால் திதி முடிவே சில நாழிகை வேறுபடக்கூடும். அது சந்திரனின் நிலையைக் கணிக்கும் முறையில் உள்ள வேறுபாடு. உதயத் திருத்தத்தால் அது நீங்காது. ஆகவே ஒப்பிடுபவர் ஒரே முறையைச் சேர்ந்தவற்றையே ஒப்பிட வேண்டும். இந்திய அரசு 1957 முதல் வெளியிட்டுவரும் இராஷ்ட்ரீயப் பஞ்சாங்கம் திதி முடிவை இந்தியக் கடிகார நேரத்திலேயே தருகிறது. அதனைக் கொண்டால் முதற்படி தேவையில்லை. இவ்வூர் உதயத்தைக் கழித்து நாழிகையாக்கும் இரண்டாம் படி மட்டும் போதும்.

இல்லத்தில் வைத்துக்கொள்ளும் அட்டவணையில் நாள்தோறும் எழுத வேண்டியதில்லை. இவ்வூர்களில் உதயம் பத்து நாளுக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் நகர்வதில்லை. மாதத்துக்கு மூன்று வரி என ஆண்டுக்கு முப்பத்தாறு வரி எழுதினால் போதும். ஒவ்வொரு வரியிலும் உதயம், உதயத்தோடு 48 நிமிடம், அத்தமனத்துக்கு 48 நிமிடம் முன், அத்தமனம் என நான்கு எண்கள். அவற்றுள் நடு இரண்டுமே சமையலறையில் நாள்தோறும் பார்க்கப்படுபவை. முதலாவது, சதுர்த்தசி ஆறு நாழிகையை ஒட்டி முடியும் நாளில் பஞ்சாங்கத்தோடு சேர்த்துப் பார்க்கப்படுவது.